25,000-இல் நிற்குமா நிஃப்டி? ஆப்ஷன் செயின் சொல்வதும் சொல்லாததும்

திங்கட்கிழமை சந்தை மூடியதும் டெலிகிராம் குழுக்களிலும் யூடியூபிலும் ஒரே பேச்சு கிளம்பிவிடும். "25,100-இல் பெரிய ரெசிஸ்டன்ஸ் இருக்கு, 25,000-இல் பலமான சப்போர்ட் இருக்கு, நாளைக்கு நடுவுல எங்கேயாவது பின் ஆயிடும்." 2025 செப்டம்பர் முதல் நிஃப்டியின் வார ஆப்ஷன்கள் செவ்வாய்க்கிழமை முடிகின்றன. அதனால்தான் திங்கள் மாலையில் இந்த ஆரூடம். சொல்பவர்கள் எல்லாரும் பார்ப்பது தேசியப் பங்குச் சந்தையின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கக்கூடிய ஓர் அட்டவணையை. அதன் பெயர் ஆப்ஷன் செயின்.

அந்த ஆரூடம் சில வாரம் பலிக்கிறது, சில வாரம் பலிப்பதில்லை. பலித்தாலும் பலிக்காவிட்டாலும் காரணம் ஒன்றுதான். அட்டவணையில் உள்ள எண், ஒரு விலையில் எத்தனை ஒப்பந்தங்கள் முடிவுறாமல் நிற்கின்றன என்பதைச் சொல்கிறது. அவற்றை வைத்திருப்பவர் யார், விலை நெருங்கி வந்தால் அவர் என்ன செய்யப் போகிறார் என்பதைச் சொல்வதில்லை. இந்த இடைவெளியை எந்த அளவுக்கு ஊகத்தால் நிரப்பலாம் என்பதுதான் ஆப்ஷன் செயின் வாசிப்பு.

முதலில் அட்டவணையின் அமைப்பு. நடுவில் ஸ்ட்ரைக் விலைகள் மேலிருந்து கீழாக வரிசையாக நிற்கும். நிஃப்டிக்கு 50 புள்ளிக்கு ஒன்று. இடப்பக்கம் கால், வலப்பக்கம் புட். 25,100 கால் வாங்கியவருக்கு, எக்ஸ்பைரி அன்று நிஃப்டி 25,100-க்கு மேல் எத்தனை புள்ளி முடிகிறதோ அத்தனை புள்ளிக்கான பணம் கிடைக்கும். மேலே போகாவிட்டால் ஒன்றுமில்லை. கொடுத்த பிரீமியம் போனது போனதுதான். புட் இதற்கு நேர் எதிர். ஸ்ட்ரைக்குக்குக் கீழே எத்தனை புள்ளி இறங்குகிறதோ அத்தனைக்குப் பணம். ஒவ்வொரு பக்கமும் ஓரத்தில் OI என்று ஒரு நெடுவரிசை, பக்கத்தில் CHNG IN OI என்று இன்னொன்று. முதலாவது, இன்னும் கணக்கு முடிக்கப்படாமல் நிற்கும் ஒப்பந்தங்களின் எண்ணிக்கை. இரண்டாவது, நேற்றைக்கும் இன்றைக்கும் அதில் உள்ள வித்தியாசம். என்எஸ்இ தளத்தில் இந்த எண் லாட் கணக்கில் இருக்கும். சில தரகர் செயலிகளில் யூனிட் கணக்கில், லட்சங்களில் இருக்கும். 2026 தொடக்கத்திலிருந்து நிஃப்டியின் ஒரு லாட் 65 யூனிட். இரண்டு திரைகளை ஒப்பிட்டு "ஓஐ எகிறிவிட்டது" என்று பதறுகிறவர்கள் பெரும்பாலும் இந்த 65-ஐ மறந்தவர்கள்.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொண்டு நடப்போம். எண்கள் நான் இட்டுக்கட்டியவை. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று 100 புள்ளி இடைவெளியில் ஐந்து ஸ்ட்ரைக் மட்டும் எடுத்திருக்கிறேன். திங்கள் மாலை நிஃப்டி 25,015-இல் முடிந்திருக்கிறது. ஓஐ ஆயிரம் லாட்டுகளில்:

| ஸ்ட்ரைக் | கால் ஓஐ | புட் ஓஐ |
|---|---|---|
| 24,800 | 20 | 90 |
| 24,900 | 30 | 100 |
| 25,000 | 90 | 120 |
| 25,100 | 130 | 40 |
| 25,200 | 150 | 15 |

சந்தையில் வழக்கமாக இதைப் படிக்கும் முறை இது. கால் பக்கத்தில் எண் பெரிதாக உள்ள இடம் ரெசிஸ்டன்ஸ், புட் பக்கத்தில் பெரிதாக உள்ள இடம் சப்போர்ட். ஆகவே மேலே 25,200-உம் 25,100-உம் தடை, கீழே 25,000 தாங்கும் இடம்.

ஏன் அப்படி? ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் வாங்கியவர் ஒருவர், விற்றவர் ஒருவர். 1,30,000 லாட் கால் நிற்கிறது என்றால் அதை வாங்கியவர்களும் அதே 1,30,000 லாட்டுக்கு இருக்கிறார்கள். எண்ணை மட்டும் பார்த்தால் இரண்டு தரப்புக்கும் சமபலம். விற்றவர் பக்கம்தான் கனம் என்று எடுத்துக்கொள்வது ஓர் அனுமானம். அந்த அனுமானத்துக்கு அடிப்படை பணம். 25,100 காலின் பிரீமியம் 30 ரூபாய் என்றால் ஒரு லாட் வாங்க 1,950 ரூபாய் போதும். அதே லாட்டை விற்க வேண்டுமென்றால் மார்ஜினாக லட்ச ரூபாய்க்கு மேல் கணக்கில் இருக்க வேண்டும். ரைட்டர் என்று சந்தையில் அழைக்கப்படும் விற்பவர் அதனால் பணபலம் உள்ளவராகத்தான் இருப்பார், விவரம் தெரிந்தவராக இருப்பார், 25,100-ஐத் தாண்டாது என்று கணித்துத்தான் விற்றிருப்பார் என்பது எல்லாருடைய நம்பிக்கை. இந்த நம்பிக்கை முழுக்கத் தப்பில்லை; முழுக்கச் சரியுமில்லை. பெரிய நிறுவனம் ஒன்று தன் பங்குகளுக்குக் காப்பாகப் புட் வாங்கியிருந்தால் அந்த ஸ்ட்ரைக்கில் கனமான கை வாங்கியவருடையதுதான். அது தெரியாமல் அங்கே "சப்போர்ட்" என்று கோடு போட்டுவிடுவோம்.

யார் எந்தப் பக்கம் என்று அறிய ஒரு வழி இருக்கிறது, பாதி வழிதான். என்எஸ்இ தினமும் மாலையில் பங்கேற்பாளர் வாரியாக ஓஐ வெளியிடுகிறது. கிளையன்ட், உள்நாட்டு நிறுவனங்கள், வெளிநாட்டு முதலீட்டாளர்கள், ப்ரோ எனப்படும் சொந்தப் பணத்தில் வியாபாரம் செய்யும் நிறுவனங்கள் ஆகிய நான்கு பிரிவும் இண்டெக்ஸ் கால், புட் இரண்டிலும் எத்தனை வாங்கியிருக்கிறார்கள், எத்தனை விற்றிருக்கிறார்கள் என்று அதில் இருக்கும். ஆனால் எல்லா ஸ்ட்ரைக்கும் எல்லா எக்ஸ்பைரியும் சேர்ந்த மொத்தம் அது. 25,100 காலை விற்றது யார் என்று அதிலிருந்து தெரியாது.

அடுத்த சிக்கல், பெரிய எண்ணே கனமான எண் என்று நினைப்பது. நம் அட்டவணையில் கால் பக்கம் மிகப் பெரிய எண் 25,200-இல் இருக்கிறது. ஆனால் தூரத்து ஸ்ட்ரைக்கில் எண் வீங்குவதற்கு, சந்தை பற்றிய எந்தக் கணிப்பும் தேவையில்லை. பத்து ரூபாய்க்குள் கிடைக்கிறதே என்று லாட்டரிச் சீட்டு மாதிரி வாங்குகிறவர்கள் ஒரு கூட்டம். இன்னொரு கூட்டம், பக்கத்து ஸ்ட்ரைக்கை விற்றுவிட்டு, மார்ஜின் குறையட்டும் என்பதற்காகவே தூரத்து ஸ்ட்ரைக்கை வாங்கி வைப்பவர்கள். இரண்டாவது கூட்டத்துக்கு அந்த விலையைப் பற்றி எந்த அபிப்பிராயமும் கிடையாது. முழு எண்கள் வேறு எப்போதும் கூட்டத்தை இழுக்கும். 25,000-உம் 25,500-உம் எந்த வாரமும் பக்கத்து ஸ்ட்ரைக்குகளைவிட வீங்கித்தான் நிற்கும்.

இதைச் சரிசெய்ய எண்ணை டெல்டாவால் பெருக்கிப் பார்க்கலாம். நிஃப்டி ஒரு புள்ளி நகர்ந்தால் அந்த ஆப்ஷனின் விலை எத்தனை புள்ளி நகரும் என்பதே டெல்டா. நம் உதாரணத்தில் 25,000 காலுக்கு அது ஏறத்தாழ 0.5, 25,100-க்கு 0.3, 25,200-க்கு 0.12. பெருக்கினால் முறையே 45,000, 39,000, 18,000 லாட் வருகிறது. அட்டவணையில் கடைசியில் இருந்த 25,000 முதலிடத்துக்கு வந்துவிட்டது. ஜாம்பவானாகத் தெரிந்த 25,200 பாதிக்கும் கீழே போய்விட்டது. இது ஏதோ புத்திசாலித்தனமான குறுக்குவழி அல்ல. செபியே 2025 மே மாதச் சுற்றறிக்கையில், ஓஐயைக் கணக்கிடும் முறையை இப்படி டெல்டா அடிப்படைக்கு மாற்றியது. யார் எத்தனை லாட் வைத்திருக்கிறார் என்பதைவிட, அந்த லாட்டுகள் சந்தையை எவ்வளவு தாங்கியோ தள்ளியோ நிற்கின்றன என்பதே அபாயத்தின் அளவு என்பது அதன் பொருள். வீட்டிலிருந்து பார்க்கிறவருக்கு எளிய விதி: அன்றைய விலைக்கு இரண்டு பக்கமும் இருநூறு புள்ளிக்கு அப்பால் இருக்கும் கோபுரங்களை, எக்ஸ்பைரிக்கு முந்தின நாள், பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இருநூறு என்பதைக்கூட நான் சும்மா சொல்லவில்லை. அதற்கும் அட்டவணையிலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது. 25,000 காலின் விலை 70, புட்டின் விலை 55 என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் கூட்டினால் 125. இதை ஸ்ட்ராடில் விலை என்பார்கள். எக்ஸ்பைரிக்குள் நிஃப்டி இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சராசரியாக எவ்வளவு நகரும் என்று சந்தை பணம் வைத்துச் சொல்லும் மதிப்பு அது. 24,875-க்கும் 25,125-க்கும் நடுவே முடிந்தால், 25,000-இல் இரண்டையும் விற்றவருக்கு லாபம். ஓஐ கோபுரம் எதுவும் இந்த எல்லையை விட்டு வெகுதூரம் தள்ளி இருந்தால் அது நாளைய கதையில் பாத்திரமே இல்லை. என்னைக் கேட்டால், ஓஐயைப் பார்ப்பதற்கு முன் முதலில் பார்க்க வேண்டியது இந்த 125-ஐத்தான்.

நிற்கும் எண்ணைவிட மாறும் எண்ணில் செய்தி அதிகம். செவ்வாய் காலையில் 25,100 காலின் ஓஐ ஏறிக்கொண்டே போகிறது. அதே நேரம் அதன் பிரீமியம் இறங்குகிறது. புதிதாக வருகிற ஒப்பந்தங்களில் அவசரம் விற்பவருக்கு என்று அர்த்தம். தடை கெட்டிப்படுகிறது. ஓஐ ஏறுகிறது, பிரீமியமும் ஏறுகிறது என்றால் அவசரம் வாங்குபவருக்கு. அந்த வளர்ச்சியைத் தடை என்று படிப்பது தவறு. ஓஐ குறைகிறது, பிரீமியம் ஏறுகிறது என்றால் விற்றவர்கள் நஷ்டத்தோடு திரும்ப வாங்கி ஓடுகிறார்கள், அதுதான் ஷார்ட் கவரிங். ஓஐயும் குறைந்து பிரீமியமும் குறைந்தால் வாங்கியவர்கள் சலித்துப்போய் விட்டுப் போகிறார்கள்.

இந்த நான்கு கட்டமும் எல்லாப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித்தரப்படுவதுதான். சொல்லாமல் விடுவது ஒன்று. எக்ஸ்பைரி அன்று எல்லாப் பிரீமியமும் நேரம் கரையக் கரைய தானாகவே இறங்கும். நிஃப்டி நின்ற இடத்திலேயே நின்றால், கால், புட் இரண்டிலும் "ஓஐ ஏற்றம், பிரீமியம் இறக்கம்" என்றுதான் தெரியும். இரண்டு பக்கமும் ரைட்டிங் என்று திரை முழுக்கச் சிவப்பும் பச்சையுமாகக் காட்டும் செயலிகளும் உண்டு. அதனால் அன்று பிரீமியத்தைத் தனியாகப் பார்க்காமல், பக்கத்திலேயே இருக்கும் IV நெடுவரிசையையும் பார்க்க வேண்டும். பிரீமியம் இறங்கியும் அந்த ஸ்ட்ரைக்கின் ஐவி மட்டும் ஏறியிருந்தால், அங்கே வாங்குகிற கையும் இருக்கிறது.

இனி பின் ஆவதற்கு வருவோம். ஆணி அடித்தாற்போல ஒரு ஸ்ட்ரைக்கை விட்டு நகராமல் விலை அங்கேயே சுற்றுவதைத்தான் பின் என்கிறார்கள். அது எந்த ஸ்ட்ரைக் என்று கணிக்க மேக்ஸ் பெயின் என்று ஒரு கணக்கு உண்டு. ஒவ்வொரு ஸ்ட்ரைக்கிலும் நிஃப்டி முடிந்தால் விற்றவர்கள் மொத்தம் எவ்வளவு பணம் கொடுக்க வேண்டிவரும் என்று கூட்டுவது; எங்கே மிகக் குறைவோ அங்கேதான் முடியும் என்பது. வாங்கியவர்களுக்கு அதிக வலி தருகிற இடம் என்பதால் இந்தப் பெயர்.

நம் அட்டவணையில் போட்டுப் பார்க்கலாம். 25,000-இல் முடிந்தால் 24,800 கால் வைத்திருக்கும் 20 ஆயிரம் லாட்டுக்குத் தலா 200 புள்ளி, 24,900-இன் 30 ஆயிரம் லாட்டுக்குத் தலா 100 புள்ளி. புட் பக்கம் 25,100-இன் 40 ஆயிரத்துக்கு 100, 25,200-இன் 15 ஆயிரத்துக்கு 200. கூட்டி, லாட்டுக்கு 65 என்று பெருக்கினால் 91 கோடி ரூபாய். 25,100-இல் முடிந்தால் அது 146 கோடி. 24,900 என்றால் 172 கோடி. இரண்டு ஓரங்களிலும் 300 கோடியைத் தாண்டிவிடும். ஆக மேக்ஸ் பெயின் 25,000.

கணக்கு சரி. ஆனால் அது எதையும் நகர்த்துவதில்லை. விற்றவர்கள் எல்லாரும் ஒரே அறையில் உட்கார்ந்து "25,000-இல் முடிப்போம்" என்று தீர்மானம் போடுவதில்லை. 25,100 காலை விற்றவருக்கும் 24,900 புட்டை விற்றவருக்கும் நோக்கம் ஒன்றல்ல. தவிர, விற்றவர்கள் வாங்கிய பிரீமியத்தை இந்தக் கணக்கு பார்ப்பதே இல்லை. திங்கள் மாலை நிஃப்டி 25,015-இல் இருக்கும்போது மேக்ஸ் பெயின் 25,000 என்று வருவதும் பெரிய கண்டுபிடிப்பு இல்லை. அந்த வாரத்தில் விலை சுற்றிய இடத்தில்தான் மக்கள் கால், புட் எழுதியிருப்பார்கள், கணக்கும் அங்கேயே வந்து நிற்கும். விலை நகர்ந்தால் அடுத்த நாள் மேக்ஸ் பெயினும் அதன் பின்னாலேயே நகர்வதைப் பார்க்கலாம்.

அப்படியானால் பின் ஆவது கட்டுக்கதையா? இல்லை. 2005-இல் சோஃபி நி, நீல் பியர்சன், ஆலன் போட்டேஷ்மன் மூவரும் அமெரிக்கப் பங்குகளை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஆப்ஷன் உள்ள பங்குகளின் விலை எக்ஸ்பைரி நாளில் ஸ்ட்ரைக் விலைகளை ஒட்டி முடிவது தற்செயலைவிட அதிகம் என்று அதில் காட்டினார்கள். அதன் அளவு, சராசரியாகக் குறைந்தது 0.165 சதவீதம். ஆயிரம் ரூபாய்ப் பங்கில் ஒன்றரை ரூபாய்க்குச் சற்று மேல். இருக்கிறது, ஆனால் அவ்வளவுதான். காரணமாக அவர்கள் சொன்னவை இரண்டு: சந்தை உருவாக்கும் நிறுவனங்கள் தங்கள் காப்பைத் திருத்திக்கொண்டே இருப்பது; சொந்தப் பணத்தில் வியாபாரம் செய்யும் நிறுவனங்கள் விலையை வேண்டுமென்றே தள்ளுவது.

முதல் காரணத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பலர் நம்புவதற்கு நேர்மாறான முடிவு அதிலிருந்துதான் வருகிறது.

ஒரு நிறுவனம் 10,000 லாட் 25,000 காலை வாங்கி வைத்திருக்கிறது. ஏறுமா இறங்குமா என்ற பந்தயம் அதற்கு வேண்டாம். ஆகவே டெல்டா அளவுக்கு நிஃப்டி ஃப்யூச்சர்ஸை விற்றுச் சமன் செய்துகொள்ளும். செவ்வாய் பிற்பகல் 2.50 மணி. நிஃப்டி சரியாக 25,000. டெல்டா 0.5. அதனால் 5,000 லாட் ஃப்யூச்சர்ஸ் விற்றிருக்கிறது. நிஃப்டி 30 புள்ளி ஏறுகிறது. நேரம் மிகக் குறைவாக இருப்பதால் டெல்டா சட்டென்று 0.8 பக்கம் தாவிவிடும். சமன் செய்ய இன்னும் 3,000 லாட் விற்க வேண்டும். நிஃப்டி 24,970-க்கு விழுந்தால் டெல்டா 0.2, இப்போது 6,000 லாட்டைத் திரும்ப வாங்க வேண்டும். ஏறினால் விற்கிறது, இறங்கினால் வாங்குகிறது. யாருக்கும் எந்த உள்நோக்கமும் இல்லாமலே விலை 25,000-க்கு இழுத்துவரப்படுகிறது. இதுதான் பின்.

அதே நிறுவனம் அந்த 10,000 லாட்டை வாங்காமல் விற்றிருந்தால் எல்லாம் தலைகீழ். ஏறினால் வாங்க வேண்டும், இறங்கினால் விற்க வேண்டும். ஏற்றத்தில் எண்ணெய் ஊற்றும், இறக்கத்திலும் எண்ணெய் ஊற்றும். விலை 25,000-ஐ விட்டு ஓடும்.

காப்புச் செய்துகொண்டே இருப்பவர் வாங்கிய பக்கம் இருந்தால்தான் பின். விற்ற பக்கம் இருந்தால் அதே ஸ்ட்ரைக் பறக்கவிடும் இடம். "ரைட்டர்கள் குவிந்திருக்கிறார்கள், அவர்கள் விடமாட்டார்கள்" என்ற வழக்குப்பேச்சுக்கு இது நேர் எதிர். இரண்டு நிலையிலும் அட்டவணையில் தெரியும் எண் ஒன்றே. பொதுமக்கள் கூட்டமாக ஆப்ஷன் விற்று, நிறுவனங்கள் அதை வாங்கியிருக்கும் வாரமும் உண்டு. மக்கள் கூட்டமாக வாங்கி, நிறுவனங்கள் விற்றிருக்கும் வாரமும் உண்டு. மேலே சொன்ன பங்கேற்பாளர் வாரி அறிக்கையில் ப்ரோ பிரிவு நிகரமாக எந்தப் பக்கம் என்று ஒரு பார்வை பார்ப்பது அதனால்தான் உதவும், பாதி வழி என்றாலும்.

இன்னொன்றும் உண்டு. ஒரு தனிப்பங்கைக் கட்டிப்போடுவது வேறு, 50 பங்குகளின் கூட்டான நிஃப்டியைக் கட்டிப்போடுவது வேறு. ஹெச்டிஎஃப்சி வங்கியும் ரிலையன்ஸும் தங்கள் சொந்தக் காரணத்துக்காக ஒரு சதவீதம் நகர்ந்தால், 25,000-இல் உள்ள காப்பு வியாபாரம் எல்லாம் அதன் முன்னால் சின்னதாகிவிடும். ஆகையால் நிஃப்டி பின் என்பது செய்தி இல்லாத, மந்தமான பிற்பகலுக்கு உரிய சங்கதி.

இரண்டாவது காரணமான வேண்டுமென்றே தள்ளுவதற்கும் நம்மூர் வழக்கு ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. 2024 ஜனவரி 17, புதன்கிழமை. அன்று பேங்க் நிஃப்டியின் வார எக்ஸ்பைரி. முந்தின நாள் வந்த ஹெச்டிஎஃப்சி வங்கியின் காலாண்டு முடிவு பிடிக்காமல் அந்தப் பங்கு கடுமையாக விழுந்தது. 2025 ஜூலை 3-இல் செபி வெளியிட்ட இடைக்கால உத்தரவின்படி, அமெரிக்காவின் ஜேன் ஸ்ட்ரீட் குழுமம் அன்று காலை பேங்க் நிஃப்டியில் உள்ள பங்குகளையும் அவற்றின் ஃப்யூச்சர்ஸையும் 4,370 கோடி ரூபாய்க்கு வாங்கியது. அதனால் இண்டெக்ஸ் தாங்கி நின்ற நேரத்தில், அதைவிடப் பல மடங்கு பெரிய அளவில் ஆப்ஷன்களில் இறக்கத்துக்கான நிலை எடுத்தது. பிற்பகலில் காலையில் வாங்கியதை விற்றுத் தள்ளியது. பங்குகளில் சிறிய நஷ்டம், ஆப்ஷனில் நூற்றுக்கணக்கான கோடி லாபம். பல நாட்களில் நடந்ததாகச் சொல்லப்படும் வியாபாரத்துக்காக 4,843 கோடி ரூபாயைச் செபி முடக்கியது. எக்ஸ்பைரி நாளின் கடைசி மணிகளில் இண்டெக்ஸைத் தனக்கு வேண்டிய பக்கம் தள்ளியதாகவும் அதே உத்தரவு குற்றம்சாட்டுகிறது. குழுமம் இதை மறுக்கிறது. தான் செய்தது வழக்கமான விலை வேறுபாட்டு வியாபாரம்தான் என்று சொல்லித் தீர்ப்பாயத்துக்குப் போயிருக்கிறது.

வழக்கு எப்படி முடிந்தாலும், அன்று காலை ஆப்ஷன் செயினைப் பார்த்துக்கொண்டிருந்தவர் நிலையை யோசியுங்கள். புட் ஓஐ ஏறுவதைப் பார்த்து "கீழே சப்போர்ட் கட்டுகிறார்கள்" என்று படித்திருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. செபி சொல்வதன்படி அந்தப் புட்களை வாங்கிக்கொண்டிருந்தவர்தான் அன்றைய பெரிய கை.

சரி, நம் கற்பனைச் செவ்வாய்க்கு வருவோம். நிஃப்டி காலையில் 25,020-இல் தொடங்கி, பதினோரு மணிக்கு 25,090-க்கு வருகிறது. 25,100 தடை தாங்குமா? இந்த இடத்தில்தான் ஆப்ஷன் செயின் உண்மையிலேயே பயன்படும். முந்தின நாள் ஆரூடமாக அல்ல, அந்த நேரத்துச் சாட்சியாக. 25,100 காலின் ஓஐ 1,30,000-லிருந்து 1,50,000-க்கு ஏறி, ஐவி இறங்கினால், விற்பவர்கள் இன்னும் துணிந்து விற்கிறார்கள். மாறாக ஓஐ ஒரு லட்சத்துக்குக் கீழே சரிந்து, பிரீமியம் துள்ளி, அதே 25,100-இல் புட் ஓஐ 40,000-லிருந்து 70,000, 80,000 என்று வளர்ந்தால், கால் விற்றவர்கள் ஓடுகிறார்கள், நேற்றைய கூரை இன்றைய தரையாக மாறுகிறது. ஓடுகிறவர் காலைத் திரும்ப வாங்கியே ஆக வேண்டும். அவருக்கு விற்கிற நிறுவனம் உடனே காப்புக்காக ஃப்யூச்சர்ஸ் வாங்கும். அதனால் 25,100 உடைந்தால் 25,150 சில நிமிடங்களில் வந்துவிடுவது சகஜம். அதிகம் பேர் காத்துநின்ற தடை உடையும்போதுதான் அதிக வேகம். திரையில் விலை நொடிக்கு நொடி மாறும், ஓஐ சில நிமிடம் பிந்தித்தான் வரும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். எண் சரிவதைக் கண்ணால் பார்க்கும் நேரத்துக்குள் பாதி ஓட்டம் முடிந்திருக்கும்.

நம் செவ்வாயில் தடை தாங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணிக்கு மேல் நிஃப்டி மெல்ல இறங்கி 25,000-ஐச் சுற்றத் தொடங்குகிறது. 24,985, 25,010, 24,990. பின் ஆகிவிட்டது என்று குழுக்களில் பேச்சு. அப்புறம் 3.20-க்கு மேல் திடீரென்று ஓர் ஏற்றம், நிஃப்டி 25,060. 25,050 கால் வாங்கி வைத்தவர் துள்ளிக் குதிக்கிறார். பத்துப் புள்ளி மேலே போய்விட்டதே!

மாலையில் அவர் கணக்கில் வந்தது பூஜ்யம்.

ஏனென்றால் கணக்கு முடிக்கப்படுவது 3.30 மணிக்குத் திரையில் தெரிந்த விலையில் அல்ல. நிஃப்டியின் முடிவு மதிப்பு, அதில் உள்ள ஒவ்வொரு பங்குக்கும் கடைசி அரை மணி நேரத்தில் நடந்த வியாபாரத்தின் அளவோடு கூடிய சராசரி விலையிலிருந்து கணக்கிடப்படுகிறது. 2025 எக்ஸ்பைரிகள் இந்த முறையில்தான் தீர்க்கப்பட்டன. மூன்று மணியிலிருந்து 3.20 வரை சராசரி 24,985, கடைசிப் பத்து நிமிடம் 25,060; வியாபாரம் ஒரே சீராக நடந்ததாக வைத்துக்கொண்டால் மூன்றில் இரண்டு பங்கு அது, ஒரு பங்கு இது. முடிவு 25,010. 25,000 கால் வைத்திருந்தவருக்குப் பத்துப் புள்ளி, லாட்டுக்கு 650 ரூபாய். 25,050-க்கு ஒன்றுமில்லை. 3.20-இல் 25,050 காலின் பிரீமியம் ஏன் ஏறவில்லை, திரை பழுதாகிவிட்டதா என்று அவர் சந்தேகப்பட்டிருந்தால், பழுது ஒன்றுமில்லை. எதிரே இருந்த விற்பவர் இந்தச் சராசரியைப் போட்டுக்கொண்டே வந்திருக்கிறார்.